சம்பந்தமில்லாத மூன்று வேலைகள், ஒரே சுருக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ரெஸ்யூமே சுருக்கத்தில் எதை முதலில் போடுவது?

மூன்றில் எதையும் முதலில் போட வேண்டாம். மூன்றிலும் நீங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு காரியம் இருக்கும். அதுதான் உங்கள் வேலைகளின் பொதுவான இழை. முதல் வாக்கியம் அதைச் சொல்லட்டும். வேலைகள் அதற்குச் சாட்சியாகப் பின்னால் வரட்டும்.

பலர் செய்வது இதற்கு நேர்மாறு. பதவிப் பெயர்களை வரிசையாக எழுதி, நடுவில் ஒரு கோடோ காற்புள்ளியோ போட்டுவிடுகிறார்கள்: 'பயிற்சியாளர், மொழிபெயர்ப்பாளர், வடிவமைப்பாளர்'. எழுதியவருக்கு இதில் ஒரு ஆள் தெரிகிறார், ஏனென்றால் அந்த ஆள் அவரேதான். படிப்பவருக்கு மூன்று பேர் தெரிகிறார்கள். இவர்களில் யாரை வேலைக்கு எடுப்பது, மற்ற இருவரும் எதற்கு என்று அவரே யோசித்து இணைத்துக்கொள்ள வேண்டும். குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களுக்கு நடுவே அதைச் செய்ய அவருக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

ஆட்சேர்ப்பவர் சுருக்கத்தில் தேடுவது உங்கள் வாழ்க்கை வரலாற்றை அல்ல. 'என் மேசையில் இருக்கும் இந்தப் பிரச்சினைக்கு இவர் உதவுவாரா?' என்பதற்கு ஒரு பதில்தான் அவருக்கு வேண்டும்.

பொதுவான இழை வேண்டும் என்கிறீர்கள். எனக்கு எதுவுமே பொதுவாகத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதவிப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. அவை வெவ்வேறு துறைகளின் சொற்கள், ஒட்டவே ஒட்டாது. வேலைக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் வாரத்தில் மூன்று நாள் ஒரு ஆய்வகத்தில் பாதுகாப்புப் பயிற்சியாளர். மீதி நாட்களில் ஃப்ரீலான்ஸாக மருத்துவக் கருவிகளின் பயனர் கையேடுகளை மொழிபெயர்க்கிறார். கூடவே பலகை விளையாட்டுகள் வடிவமைக்கிறார், இரண்டு வெளிவந்திருக்கின்றன. அவ்வப்போது விழாக்களுக்குப் புகைப்படமும் எடுக்கிறார். அவர் விரும்பும் அடுத்த வேலை, கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதும் பணி.

முதல் வேலையாக, ஒவ்வொரு வேலையிலும் கடந்த இரண்டு மாதத்தில் உண்மையில் என்ன செய்தார் என்று வினைச்சொற்களில் எழுதினார். 'பயிற்சி அளித்தல்' என்று பொதுவாக அல்ல. 'செய்முறைத் தாளைத் திருத்தினேன், புதிதாகச் சேர்ந்தவர் அதை வைத்து வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவர் தடுமாறிய வரியை மாற்றினேன்' என்று. மொழிபெயர்ப்பில்: 'ஒரே உதிரிபாகத்துக்கு இரண்டு பெயர் வந்த இடங்களைச் சரிசெய்தேன், எச்சரிக்கை வாக்கியத்தைச் செயலுக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தேன்.' விளையாட்டில்: 'பெட்டியையும் விதிப்புத்தகத்தையும் மட்டும் ஒரு குழுவிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்து, எங்கே சண்டை போடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன்.'

இந்த இடத்திலேயே பாதி தெரிந்துவிடுகிறது. ஆனால் வினைச்சொல் மட்டும் போதாது. 'எழுதுகிறேன், திருத்துகிறேன்' என்று எத்தனையோ பேர் சொல்லலாம். அடுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நான் இந்த வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் யாருக்கு, என்ன கெடும்? என் அனுபவத்தில் இழை பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் மாட்டுகிறது.

ஆய்வகத்தில், முதல் வாரத்தில் இருக்கும் ஒருவர் நீரில் அமிலத்தைச் சேர்ப்பதற்குப் பதில் அமிலத்தில் நீரை ஊற்றிவிடுவார், கொதித்துத் தெறிக்கும். கையேட்டில், கருவியை முதல்முறை பொருத்துபவர் படியை மாற்றிச் செய்துவிடுவார். விளையாட்டில், விதி புரியாமல் பாதியில் பெட்டியை மூடி வைத்துவிடுவார்கள். மூன்றிலும் பாதிக்கப்படுபவர் ஒரே ஆள்தான்: ஒரு காரியத்தை முதல்முறையாகச் செய்பவர், பக்கத்தில் கேட்பதற்கு யாரும் இல்லாதவர், கையில் ஒரு தாளை மட்டும் வைத்திருப்பவர்.

சரி, இழை கிடைத்துவிட்டது: 'முதல்முறை செய்பவர், யாரையும் கேட்காமலே, தவறின்றிச் செய்து முடிப்பதற்கான வழிமுறைகளை எழுதிச் சோதிப்பது.' இதில் ஒரு வினை இருக்கிறது, செய்யப்படும் பொருள் இருக்கிறது, யாருக்காக என்பதும் இருக்கிறது. மூன்றும் இருந்தால்தான் இழை பிடிமானமாக நிற்கும்.

எனக்கு மக்களோடு பழகுவது பிடிக்கும். எல்லா வேலையிலும் மக்கள்தானே? அதையே இழையாக வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இழை என்று ஒருவர் சொல்வது உண்மையில் இழைதானா என்று பார்க்க எளிய வழி: அது யாரை வெளியே நிறுத்துகிறது? 'மக்களோடு பழகுவேன்' என்பதை வரவேற்பாளரும் சொல்லலாம், அறுவை சிகிச்சை நிபுணரும் சொல்லலாம், தேர்தலில் நிற்பவரும் சொல்லலாம். யாரையும் விலக்காத வாக்கியம் உங்களையும் அடையாளம் காட்டாது. 'தொடர்பாடல் திறன்', 'பிரச்சினைகளைத் தீர்ப்பவர்', 'படைப்பாற்றல்' எல்லாம் இதே ரகம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒருவர் 'ஒழுங்கற்றதில் ஒழுங்கைக் காண்பவன்' என்று எழுதியிருந்தார். கணக்கு எழுதுவது, தோட்டம் அமைப்பது, மேடை நிர்வாகம் என்று அவருக்கு மூன்று வேலை. வாக்கியம் கவிதையாக இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு அவரை எந்த வேலைக்குக் கூப்பிடுவது? பேசிப் பார்த்ததில், மூன்றிலும் அவர் உண்மையில் செய்தது தேதி மாற்ற முடியாத வேலைகளைப் பின்னோக்கித் திட்டமிடுவது என்று தெரிந்தது: கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாள், விதைக்கும் பருவம், திரை உயரும் நேரம். அதைச் சொன்னதும் வாக்கியத்தில் கவிதை போய்விட்டது, அவருக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இப்போது அவரை எந்த வேலைக்குக் கூப்பிடலாம் என்று யாருக்கும் புரியும்.

கையேடு எழுதும் வேலைக்குப் போகிற அந்த ஆளின் சுருக்கத்தை எழுதிக் காட்ட முடியுமா?

அவர் முதலில் எழுதியது இப்படி:

> ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சியாளர், மருத்துவக் கருவி மொழிபெயர்ப்பாளர், பலகை விளையாட்டு வடிவமைப்பாளர், புகைப்படக் கலைஞர் எனப் பன்முகத் திறமை கொண்டவர். கல்வி, மொழி, படைப்பு ஆகிய துறைகளில் 13 ஆண்டு அனுபவம். புதியவற்றைக் கற்பதில் தீராத ஆர்வம் உள்ளவர்.

இதில் மோசமானது அந்த 13. ஆய்வகத்தில் 6 ஆண்டு, மொழிபெயர்ப்பில் 4, விளையாட்டில் 3. கூட்டினால் 13 வருகிறது. ஆனால் மூன்றும் ஒரே காலத்தில் நடந்தவை. கீழே தேதிகளைப் பார்ப்பவருக்கு 6 ஆண்டுதான் தெரியும், உடனே மற்ற எண்களிலும் சந்தேகம் வந்துவிடும். ஒரே காலத்தில் ஓடும் வேலைகளின் ஆண்டுகளைக் கூட்டவே கூடாது. மிக நீண்டதை மட்டும் சொல்லுங்கள், அல்லது இழை தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

திருத்திய பிறகு:

> டெக்னிக்கல் ரைட்டர். ஒரு கருவியையோ செய்முறையையோ முதல்முறை கையாள்பவர், யாரையும் கேட்காமலே தவறின்றிச் செய்து முடிக்கும்படி வழிமுறைகளை எழுதி, புதியவர்களை வைத்தே சோதிக்கிறேன். 6 ஆண்டுகளாக ஓர் ஆய்வகத்தின் செய்முறைத் தாள்களை எழுதிப் பராமரிக்கிறேன். அதே காலத்தில் 4 ஆண்டுகளாக மருத்துவக் கருவிக் கையேடுகளை மொழிபெயர்க்கிறேன். வெளிவந்த இரண்டு பலகை விளையாட்டுகளின் விதிப்புத்தகங்களை, விளக்க ஆளே இல்லாமல் விளையாட வைத்துச் சோதித்து முடித்தேன்.

வேலைகள் இங்கேயும் மூன்றுதான். ஆனால் பட்டியலாக நிற்கவில்லை. ஒவ்வொன்றும் முதல் வாக்கியத்துக்கு ஒரு ஆதாரத்தைக் கொண்டுவருகிறது. ஆய்வகம், பல ஆண்டு பராமரிப்பைக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பு, அதே துறையின் கையேடுகளோடு பழக்கம் இருப்பதைக் காட்டுகிறது. விளையாட்டு, வேடிக்கையாகத் தெரிந்தாலும், சோதனை முறையைக் காட்டுகிறது. ஒரே ஆதாரத்தை மூன்று வேலையும் திரும்பச் சொன்னால் ஒன்றே போதும், மற்ற இரண்டும் இடத்தை அடைக்கின்றன.

புகைப்படம் காணாமல் போனதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

தொடக்கத்தில் 'டெக்னிக்கல் ரைட்டர்' என்று போட்டிருக்கிறீர்களே. அவருக்கு அந்தப் பதவி யாரும் கொடுக்கவில்லையே?

நியாயமான கேள்வி. இதில் இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும்.

பதவிப் பெயரே இல்லாமல் இழையை மட்டும் எழுதினால் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். ஆட்சேர்ப்பவர்கள் லிங்க்ட்இன்னிலும் விண்ணப்பங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளிலும் தேடுவது பழக்கமான பதவிப் பெயர்களை வைத்துத்தான். 'முதல்முறை செய்பவருக்கு வழிமுறை எழுதுபவர்' என்று யாரும் தேடப் போவதில்லை. வாக்கியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேடலில் அகப்படாவிட்டால் யார் படிப்பது? அதனால் இழைக்குப் பக்கத்தில், அந்த வேலையைத் துறைக்காரர்கள் எந்தப் பெயரில் அழைக்கிறார்களோ அந்தப் பெயர் ஒன்று இருக்க வேண்டும்.

மறுபக்கம் நேர்மை. சுருக்கத்திலும் தலைப்பு வரியிலும் நீங்கள் செய்யும் வேலையின் பெயரைப் போடலாம், அந்த வேலையை உண்மையிலேயே செய்திருந்தால். அவர் 6 ஆண்டாக வழிமுறைகளை எழுதுகிறார், ஆகவே தவறில்லை. ஆனால் கீழே அனுபவப் பகுதியில், அந்த ஆய்வகம் கொடுத்த பதவி 'பாதுகாப்புப் பயிற்சியாளர்' என்றால் அங்கே அப்படியேதான் இருக்க வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பில் நிறுவனத்திடம் கேட்பது அந்தப் பெயரைத்தான்.

உரிமம் தேவைப்படும் தொழில்களில் இந்தச் சலுகை கிடையாது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியியல் துறையில் உரிமத்தோடு மட்டும் போடக்கூடிய பட்டங்கள் எல்லாம் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

ரெஸ்யூமேயில் மூன்று அல்லது நான்கு வாக்கியம். அதற்கு மேல் போனால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள்.

லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள், About பகுதிக்கு 2,600. இடம் நிறைய இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். About பகுதியில் முதல் சில வரிகள் மட்டுமே வெளியே தெரியும், மற்றது சொடுக்கினால்தான் விரியும். ரெஸ்யூமேயின் முதல் இரண்டு வாக்கியத்தை அப்படியே அங்கே தொடக்கமாக வைத்துவிடுங்கள். பிறகு வரும் இடத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு பத்தி, அதில் ஒரு சம்பவம். 'நான் சிறுவயதில்' என்று தொடங்கும் கதையைப் போட்டால் அந்தத் தெரியும் வரிகள் சிறுவயதிலேயே தீர்ந்துவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. கணினிக்கு 'கொ' என்பது ஓரெழுத்து அல்ல, மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியீடு. புள்ளிக்கும் தனி. நாம் எண்ணுவதைவிட வேகமாக 220 நிரம்பிவிடும்.

ஒரு வேலை மட்டும் இழையில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. விட்டுவிட்டால் மறைப்பது ஆகாதா?

ஆகாது. சுருக்கம் என்பதே தேர்ந்தெடுத்துச் சொல்வதுதான். அந்த வேலை அனுபவப் பகுதியில் தேதியோடு இருக்கும்வரை நீங்கள் எதையும் மறைக்கவில்லை. நம் ஆளின் புகைப்பட வேலை அப்படித்தான் கீழே ஒரே வரியாகப் போனது.

அவர் அதையும் உள்ளே இழுக்கப் பார்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும். 'படங்களின் மூலமும் தகவலைத் தெளிவாக்குகிறேன்' என்று ஒரு வாக்கியம் எழுதினார். விழாப் புகைப்படத்தில் என்ன வழிமுறை இருக்கிறது? ஒட்ட வைத்த இடம் வெளியே தெரிந்தது. அதைவிட மோசம், மற்ற மூன்றும் அப்படி ஒட்ட வைத்தவைதானோ என்ற எண்ணத்தையும் கிளப்பியது. இழை நான்கில் மூன்றைப் பிடித்தால் போதும். எல்லாவற்றையும் பிடிக்கும் இழை பெரும்பாலும் நூலாக இருக்காது, வலையாக இருக்கும்.

ஆனால் இரண்டு நிலையில் விட முடியாது. ஒன்று, ஒட்டாத வேலைதான் உங்கள் வாரத்தின் பெரும்பகுதியை எடுக்கிறது என்றால். நேர்காணலில் 'இப்போது என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டதும் அது வெளியே வந்துவிடும். சுருக்கத்தில் இல்லாத ஒன்று திடீரென முளைத்தால் நம்பிக்கை குறையும். இரண்டு, உங்கள் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருவது அந்த வேலைதான் என்றால். அப்போது கடைசி வாக்கியமாக வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது: 'வார இறுதிகளில் விழாப் புகைப்படமும் எடுக்கிறேன்.' காரணம் சொல்ல வேண்டாம், இழையோடு முடிச்சுப் போடவும் வேண்டாம்.

எனக்கு வருமானத்தில் முக்கால்வாசி ஒரே வேலையில்தான் வருகிறது. அதையே அடையாளமாக வைத்துவிட்டு மற்றதை ஓரமாகச் சொன்னால் என்ன?

செய்யலாம். சில நேரம் அதுதான் சரியும்கூட. இதை நங்கூர முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பதவிப் பெயர் நடுவில் நிற்கும், மற்ற வேலைகள் அந்தப் பதவியில் இருக்கும் மற்றவர்களிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும். இழை முறையில் எந்தப் பதவியும் நடுவில் இல்லை, நீங்கள் தீர்க்கும் பிரச்சினைதான் நடுவில் நிற்கிறது.

எதைத் தேர்வது என்பதை வருமானம் முடிவு செய்யக் கூடாது. அடுத்து நீங்கள் போக நினைக்கும் இடம் முடிவு செய்யட்டும். நம் ஆள் இன்னொரு ஆய்வகத்தில் பாதுகாப்புப் பயிற்சியாளர் பணிக்கே விண்ணப்பித்தால், இழையெல்லாம் வேண்டியதில்லை:

> 6 ஆண்டு அனுபவமுள்ள ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சியாளர். செய்முறைத் தாள்களை எழுதுவதோடு, புதிதாகச் சேர்ந்தவர்கள் அவற்றை வைத்துத் தனியே வேலை செய்வதைப் பார்த்துத் திருத்துகிறேன். மருத்துவக் கருவிக் கையேடுகளை மொழிபெயர்ப்பதால், எச்சரிக்கை வாக்கியங்கள் எந்த இடத்தில் படிப்பவர் கண்ணில் படாமல் போகின்றன என்பது கைப்பழக்கமாகத் தெரியும்.

பலகை விளையாட்டுக்கு இங்கே இடமே இல்லை, கவனியுங்கள். பயிற்சியாளரைத் தேடுபவருக்கு அது ஆதாரத்தைக் கூட்டவில்லை, கவனத்தைத்தான் சிதறடிக்கும். நேர்காணலில் பேச்சுவாக்கில் வந்தால் வரட்டும்.

பொதுவாகச் சொன்னால், ஏற்கெனவே வைத்திருக்கும் பதவியிலேயே தொடர்வதற்கு நங்கூரம் பொருந்தும். மூன்றில் எதுவுமே இல்லாத நான்காவது வேலைக்கு இழைதான் வழி. இரண்டையும் ஒரே சுருக்கத்தில் கலந்தால் முதல் வாக்கியம் ஒன்று சொல்லும், மற்றவை வேறொன்று சொல்லும்.

'இவர் எதிலும் நிலையாக இருக்கமாட்டார்' என்று நினைத்துவிட்டால்?

நினைப்பார்கள். 'அர்ப்பணிப்புள்ளவன்' என்று எழுதுவதால் அந்த நினைப்பு போகாது. அந்தச் சந்தேகத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கும்: இவர் அடிக்கடி வேலை மாறுகிறாரா? எதையாவது ஆழமாகச் செய்திருக்கிறாரா? எங்களுக்கு நேரம் ஒதுக்குவாரா?

முதல் இரண்டுக்கும் காலக்கணக்கு பதில் சொல்லிவிடும். '6 ஆண்டுகளாக', 'அதே காலத்தில் 4 ஆண்டுகளாக' என்று மேலே எழுதியதற்குக் காரணம் இதுதான். 'அதே காலத்தில்' என்ற சொல் இல்லாவிட்டால், படிப்பவர் அவற்றை அடுத்தடுத்த வேலைகளாக எடுத்துக்கொள்வார். அப்போது நீங்கள் தாவிக்கொண்டே இருப்பவர் ஆகிவிடுவீர்கள். இணையாக ஓடியவற்றை இணையாக ஓடியவை என்று சொல்வதிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

மூன்றாவதுக்கு, முழுநேர வேலைக்கு விண்ணப்பித்தால் ஒரு வாக்கியம் தேவை, ஆனால் அது சுருக்கத்தில் அல்ல, விண்ணப்பக் கடிதத்தில்: 'இந்தப் பணியில் சேர்ந்தால் ஆய்வகப் பணியை விட்டுவிடுவேன், மொழிபெயர்ப்பில் புதிய வேலை ஏற்கமாட்டேன்.' உண்மையாக இருந்தால் மட்டும்.

தற்காப்பு வாக்கியங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். 'என் பாதை சிதறியதாகத் தோன்றலாம், ஆனால்' என்று தொடங்கினால், அதுவரை அப்படி நினைக்காதவரையும் நீங்களே நினைக்க வைத்துவிடுவீர்கள்.

சுருக்கம் ஒன்றாகிவிட்டது. கீழே அனுபவப் பகுதி பழையபடி மூன்று துண்டாகவே நிற்கிறதே?

நிற்கட்டும். ஆனால் ஒவ்வொரு வேலைக்குக் கீழேயும் வரும் முதல் வரியை மாற்றுங்கள். சுருக்கத்தில் சொன்ன இழைக்கு அந்த வேலை தரும் ஆதாரம் அந்த முதல் வரியில் இருக்க வேண்டும். ஆய்வகப் பணிக்குக் கீழே அவர் முதலில் எழுதியிருந்தது 'மாதாந்திரப் பாதுகாப்புக் கூட்டங்களை நடத்தினேன்'. அது மூன்றாவது வரிக்குப் போனது. 'செய்முறைத் தாள்களை எழுதினேன், புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்துச் சோதித்தேன்' என்பது முதலுக்கு வந்தது. வேலை எதுவும் மாறவில்லை, வரிசைதான் மாறியது.

சிறு சிறு ஃப்ரீலான்ஸ் வேலைகள் பத்துப் பதினைந்து இருந்தால், அவற்றைத் தனித்தனியாகப் போடாமல் 'சுயதொழில்: தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு' என்று ஒரே குடைக்குக் கீழே, ஒரே தொடக்கத் தேதியோடு கொண்டுவாருங்கள்.

தேதிகளை எடுத்துவிட்டுத் திறன்களின் கீழ் எல்லாவற்றையும் குழுவாக்கும் ரெஸ்யூமே வடிவம் ஒன்று உண்டு. பல வேலை பார்ப்பவர்களுக்கு அது மிகவும் வசதியாகத் தோன்றும். ஆனால் ஆட்சேர்ப்பவர்களில் பலருக்கு அதைக் கண்டாலே எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். ரெஸ்யூமேயைப் பிரித்துப் படிக்கும் மென்பொருளும் பதவி, நிறுவனம், தேதி என்ற அமைப்பைத்தான் தேடுகிறது. தேதிகள் இருக்கட்டும்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சுருக்கத்தை மாற்றினால், ஒரே அடையாளம் என்பது பொய்யாகிவிடாதா?

இழை வாக்கியம் மாறக் கூடாது. அதற்குப் பின்னால் வரும் ஆதாரங்களின் வரிசை மாறலாம். கருவி நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பு முன்னால் வரலாம், கல்வி மென்பொருள் நிறுவனத்துக்கு விளையாட்டுச் சோதனை முன்னால் வரலாம். ரெஸ்யூமேயைப் பார்த்தவர் லிங்க்ட்இன்னையும் திறந்து பார்ப்பார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அங்கே இருப்பது ஒரே பக்கம், ஆகவே அதில் இழை முறையையே வையுங்கள். இரண்டிலும் முதல் வாக்கியம் ஒன்றாக இருந்தால் மற்ற வேறுபாடுகள் யாரையும் உறுத்தாது.

'பல்துறை வித்தகர்' என்று போடலாமா?

வேண்டாம். அதை மற்றவர்கள் சொன்னால் அழகு.

பக்கத்து வேலைகளைப் பொதுவெளியில் எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

உங்கள் பணி ஒப்பந்தம். வெளிவேலை செய்ய முன் அனுமதி வேண்டும் என்றோ, போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக் கூடாது என்றோ பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்புறம் ரகசிய ஒப்பந்தம். மொழிபெயர்ப்பாளர்கள் இதில்தான் அதிகம் மாட்டுவார்கள்: எந்த நிறுவனத்துக்கு, எந்தக் கருவிக்கு என்று பெயரோடு எழுத அனுமதி இருக்காது. 'மருத்துவக் கருவிக் கையேடுகள்' என்று வகையை மட்டும் சொன்னால் போதும். சுருக்கத்துக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

எழுதியது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களை அதிகம் தெரியாத ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுங்கள். ஒருமுறை படித்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு, 'இந்த ஆளை எந்த வேலைக்குக் கூப்பிடுவீர்கள்?' என்று கேளுங்கள். 'என்னென்னவோ செய்கிறார்' என்று பதில் வந்தால் பட்டியல்தான் அவர் மனதில் பதிந்திருக்கிறது. 'சுவாரசியமான ஆள்' என்றாலும் தோல்விதான், அது பாராட்டு மாதிரி இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒரு வேலையையோ ஒரு பிரச்சினையையோ அவர் பெயர் சொல்ல வேண்டும். நம் ஆளின் முதல் வடிவத்துக்குக் கிடைத்த பதில் 'ஆசிரியரா?', திருத்தியதற்கு, 'எங்கள் ஆபீஸில் புது மெஷினுக்கு ஒரு தாள் எழுத இப்படி ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும்.'

நேர்காணலிலும் ஓர் அறிகுறி உண்டு. முதல் கேள்வி 'ஏன் இத்தனை வேலை?' என்று வந்தால் சுருக்கம் இன்னும் இணையவில்லை. 'புதியவர்களை வைத்துச் சோதித்தேன் என்கிறீர்களே, எப்படி?' என்று வந்தால் இணைந்துவிட்டது.

எவ்வளவு தேடியும் இழை கிடைக்கவில்லை. என்ன செய்வது?

முதலில் வேலைகளை இரண்டிரண்டாக எடுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் பொதுவானது இல்லாவிட்டாலும் இரண்டுக்கு இருக்கும். மூன்றாவதைப் புகைப்படம் மாதிரி கீழே ஒரு வரியாக விட்டுவிடலாம்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால் உண்மையிலேயே இல்லை என்று அர்த்தம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. பகலில் பல் மருத்துவம், இரவில் மேடை இசை என்று வாழ்பவருக்கு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்ட வேண்டிய அவசியம் என்ன? இரண்டு ரெஸ்யூமே வைத்துக்கொள்ளலாம். நோயாளிகளும் மருத்துவமனைகளும் படிப்பதில் பல் மருத்துவர் மட்டும் இருக்கட்டும்; கச்சேரி ஏற்பாடு செய்பவர்கள் பார்ப்பதில் இசைக் கலைஞர் மட்டும். லிங்க்ட்இன்னில் எது தேடிவரப்படுகிறதோ அதை நங்கூரமாக்கி, மற்றதைக் கடைசியில் ஒரு வரியாகச் சொன்னால் போதும்.